தளை தட்டாத வெண்பாவும் தட்டுப்படும் வாக்கியமும்

மரபுக் கவிதை எழுதும் குழுக்களில் ஒரு வெண்பாவைப் பதிவிட்டால் தளை சரியா, ஈற்றுச் சீர் சரியா, எதுகை வந்திருக்கிறதா என்று மூன்றையும் உடனே பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த வரிகளை ஒரு தமிழர் இப்படிச் சொல்வாரா என்று கேட்பவர்தாம் குறைவு. ஓசைக்காக உள்ளே வந்த சொற்களை வெளியேற்றுவது தளை பார்ப்பதைவிடக் கடினமான வேலை என்பதும், அதைச் சொல்லுக்குச் சொல் திருத்திச் செய்ய முடியாது என்பதும் என் கருத்து. இதைக் காட்டுவதற்காகவே நான் கட்டிய ஒரு குறள் வெண்பாவைப் பாருங்கள்.

பெய்ததே மாமழை மாதோ குளத்தினில்
எய்திலது நீர்தான் அரோ

இலக்கணப்படி இதில் பிழை இல்லை. வெண்டளை பிறழவில்லை, 'அரோ' மலர் என்னும் வாய்பாட்டில் முடிகிறது, பெய், எய் என்று எதுகையும் இருக்கிறது. ஆனால் உரைநடையில் அவிழ்த்தால் 'மழை பெய்தது, குளத்துக்கு நீர் வரவில்லை' என்பதற்கு மேல் எதுவும் மிஞ்சாது. ஏழு சீர்களில் 'மாதோ', 'அரோ' இரண்டும் முழுக்க வெற்றுச் சீர்கள். 'மாமழை'யின் 'மா'வும் 'நீர்தான்' என்பதன் 'தான்'உம் பாதி வெற்று.

இவை எப்படி உள்ளே வந்தன என்று பார்ப்பதே திருத்தத்தின் முதல் வேலை. 'மாமழை' கூவிளம், விளத்தின் பின் நேரசை வர வேண்டும். அடுத்து வர வேண்டிய 'குளத்தினில்' நிரையசையில் தொடங்குகிறது. இரண்டையும் ஒட்ட வைக்க நேரில் தொடங்கி மாச்சீராக முடியும் ஒரு சொல் தேவைப்பட்டது, 'மாதோ' அகப்பட்டது. முதற்சொல் 'பெய்ததே' என்று அமைந்துவிட்டதால் இரண்டாம் அடிக்கு யகர ஒற்று எதுகை வேண்டியிருந்தது. யாரும் சொல்லாத 'எய்திலது' அதற்காக வந்தது. 'வரவில்லை' என்று எழுதியிருந்தால் எதுகை போயிருக்கும்.

இப்போது 'மாதோ'வை மட்டும் நீக்கினால் தளை உடையும், அடியில் ஒரு சீரும் குறையும். வேறொரு சொல்லை அங்கே வைத்தால் அதுவும் அடைப்புச் சொல்லாகவே இருக்கும். ஏனெனில் நோய் ஓசையில் இல்லை. ஏழு சீருக்கு வேண்டிய செய்தி இல்லாமல் எழுத உட்கார்ந்ததில் இருக்கிறது. ஆகவே செய்யுளை மூடி வைத்துவிட்டு, குளத்துக்கு ஏன் நீர் வரவில்லை என்று கேட்க வேண்டும். வரத்து வாய்க்காலை அடைத்து வீடு கட்டிவிட்டோம் என்ற விடை வந்ததும் சீர்களுக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது.

வாய்க்காலை வீடாக்கி விட்டோம் மழைபெய்தும்
காய்ந்து கிடக்கும் குளம்

தொடக்கச் சொல்லை மாற்றியதும் எதுகைக்குத் தேட வேண்டிய சொல்லும் மாறிவிட்டது. நீரில்லாத குளத்தைப் பற்றிப் பேசும்போது 'காய்ந்து' என்பது தானாகவே நாவில் வரும் சொல். எதுகை முட்டும்போது அகராதியில் இரண்டாம் அடிக்குச் சொல் தேடுவதைவிட, முதலடியின் முதற்சொல்லை மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் பயன் தரும்.

'காய்ந்து கிடக்கும் குளம்' என்பதும் முறைமாற்றுத்தானே, எழுவாய் கடைசியில் நிற்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். வேற்றுமை உருபுகள் உறவைக் காட்டிவிடுவதால் தமிழில் சொற்கள் இடம் மாறலாம். பேச்சிலும் 'வந்துட்டான் பாரு அவன்' என்கிறோம். 'கற்க கசடற' என்று வினை முதலில் நிற்பதும் அந்த ஏவலுக்கு அழுத்தம் தரவே. மாற்றிய இடத்தில் அழுத்தம் கூடுகிறதா என்பதே நான் வைத்திருக்கும் அளவுகோல். இங்கே வாய்க்காலில் தொடங்கிக் குளத்தில் முடிவதால், நீர் போயிருக்க வேண்டிய வழியிலேயே வாக்கியமும் போகிறது. 'எய்திலது நீர்தான்' என்பதில் அப்படி எந்த ஆதாயமும் இல்லை.

அசைநிலையையும் இசைநிறையையும் தொல்காப்பியமே ஏற்றுக்கொண்டிருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். ஏற்றுக்கொண்டது சரி, பழைய பாடல்களின் ஓசைக்குள் அவை உறுத்தாமல் இருப்பதும் சரி. இன்றைய சொற்களுக்கு நடுவே 'அரோ' வந்தால் வாசகர் அங்கே தடுக்கி நிற்கிறார் என்பதை மட்டும் அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

நேரிசை வெண்பாவில் இந்த அடைப்பு பெரும்பாலும் இரண்டாம் அடியின் தனிச்சொல்லில் வந்து சேர்கிறது. எதுகையும் வேண்டும், ஒரே சீருக்குள்ளும் அடங்க வேண்டும் என்பதால் பொருளில்லாத ஒரு சொல்லை அங்கே வைத்துவிட்டு மூன்றாம் அடிக்குப் போய்விடுகிறோம். தனிச்சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு பாடலைப் படித்துப் பாருங்கள். பொருள் சிறிதும் குறையவில்லை என்றால் சொல்ல வந்தது பதினைந்து சீருக்குப் போதவில்லை. அதைக் குறளாகச் சுருக்கிவிடலாம், அல்லது இவ்வளவு இறுக்கமில்லாத ஆசிரியப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.