என் கண்ணீரை விற்க இவர்கள் யார்?

அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று பிள்ளை வாயைத் திறந்துவிட்டால் போதும், வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிற இந்தக் கன்சல்டன்சிக்காரர்களுக்கு விண்ணப்பக் கட்டுரை ரெடி. பாலைவனம், கொளுத்துகிற வெயில், ஒருவேளைச் சாப்பாடு, ராத்திரி தலையணை நனைய அழுகை, கடைசி வரியில் 'என் தந்தை சிந்திய வியர்வை வீண்போகாது' என்று ஒரு சபதம். மதுரையில் ஒரு மாடியில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, நாற்பதாயிரம் ரூபாய் பேசி, பாதியை முன்னாலேயே வாங்கிக்கொண்டு என் மகளுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்தது இதைத்தான். படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மகள் திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவோடும் அப்பத்தாவோடும் இருக்கிறாள். பிளஸ் டூ. பொருளாதாரம் படிக்க அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுகிறாள். முழு உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். அங்கே நிறைய கல்லூரிகளுக்குச் சேர்த்து காமன் ஆப் என்று ஒரே விண்ணப்பம் இருக்கிறது. மார்க், ஆசிரியர் கடிதம் எல்லாம் போக, சொந்தமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டக் கூடாது. மார்க் பட்டியலில் தெரியாத பிள்ளையை அந்த 650 சொல்லில்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் இவர்கள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நான்தான். நான் உழைக்கிறேன், நான் அழுகிறேன், நான் தியாகம் செய்கிறேன். என் மகள் எங்கே? ஜன்னல் ஓரம் நின்று அப்பாவை நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. அந்தக் கட்டுரையைப் படிக்கிறவர் யாரைச் சேர்த்துக்கொள்வார்? கல்லூரிக்கு விண்ணப்பித்தது நானா?

அதிலும் பொய். நான் அபுதாபியில் கட்டுமான சைட்டில் சேஃப்டி ஆபீசர். 'உச்சிவெயிலில் கல் சுமக்கிறார்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் ஆளை வேலைக்கு விடக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் சைட்டைச் சுற்றிவந்து ஆட்களை நிழலுக்கு அனுப்புவதே என் வேலை. ஒருவேளைச் சாப்பாடாம். ரூமில் மூன்று பேர் முறை வைத்துச் சமைக்கிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம். குடும்பத்தைப் பிரிந்திருக்கிற கஷ்டம் எனக்கு இல்லை என்று சொல்லவில்லை. அது என் கஷ்டம். அதைக் கூட்டியும் குறைத்தும் விலை பேச எவனுக்கும் உரிமை கிடையாது. விண்ணப்பத்தை அனுப்பும்போது, இதில் உள்ளதெல்லாம் என் சொந்த எழுத்து, உண்மை என்று என் மகள் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழு வயசுப் பிள்ளையைப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட வைப்பதற்கு நாங்கள் காசு கொடுக்க வேண்டுமா?

"நீயா பாப்பா எழுதுன இத?" என்று கேட்டு அனுப்பினேன். இங்கே வாட்ஸ்அப்பில் கால் பேச முடியாது, வாய்ஸ் மெசேஜ்தான். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது. "நான் வேற எழுதிருந்தேன்ப்பா. அது சின்ன விஷயம், அமெரிக்காக்காரனுக்குப் புரியாதுன்னு அந்த சார் எடுத்துட்டாரு."

கட்டுரை கூகுள் டாக்ஸில் இருந்ததால் தப்பித்தோம். அதில் பழைய வடிவங்களைத் தேதி வாரியாகத் திருப்பிப் பார்க்கலாம். பின்னால் போய்ப் பார்த்தேன். அவள் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மொத்தமாக அழிந்து, அதே நிமிஷத்தில் இந்த அழுகைக் கட்டுரை ஒட்டப்பட்டிருந்தது. ஒரே நிமிஷத்தில் 600 சொல். அதாவது எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. எத்தனை பிள்ளைகளுடைய அப்பன்மார் இதே கட்டுரையில் அழுதிருக்கிறார்களோ.

அழிந்த பகுதியில் ஒரு பாரா. அப்பத்தாவோடு விடியுமுன் மல்லிகை பறிக்கப் போவது, மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பை போய்ச் சேர வேண்டும் என்பது, அப்புறம் இந்த வரி: 'எங்கள் தராசில் இருந்த எடை கமிஷன் கடைச் சீட்டில் இல்லை. ஏன் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன்.'

இதைத்தான் சின்ன விஷயம் என்று அழித்திருக்கிறார்கள்!

நான் தினமும் விபத்து ரிப்போர்ட் எழுதுகிற ஆள். 'பயங்கரமாக விழுந்தான்' என்று எழுதினால் என் மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனை அடி உயரம், எத்தனை மணி, யார் பார்த்தது, கயிறு எங்கே அறுந்தது, இதுதான் ரிப்போர்ட். அதனால் அவள் கட்டுரையில் ஒரு வரி கூட நான் எழுதவில்லை. ஓரத்தில் கேள்வி மட்டும் போட்டேன். எவ்வளவு எடை குறைந்தது? ஈரம் காய்ந்து குறைந்திருக்கலாமே, பார்த்தாயா? கடைக்காரரிடம் கேட்டாயா, என்ன சொன்னார்? கேள்வி கேட்டால் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் தானாக வெளியே வரும். கன்சல்டன்சிக்காரன் அவளிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

அவள் எழுதி அனுப்பியதைப் படித்து நான் சைட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருநாள் வயலில் நிறுத்தது 4 கிலோ 200 கிராம். சீட்டில் 3 கிலோ 900. 'ஈரம் காஞ்சுரும் பாப்பா' என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நம்பிவிடவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. ஒரு கிலோ மொட்டைத் துணிப்பையில் கட்டி, பை மார்க்கெட் போய்ச் சேருகிற நேரம் வரைக்கும் வீட்டில் வைத்து மறுபடி நிறுத்திருக்கிறாள். 35 கிராம் குறைந்தது. அந்தக் கணக்கில் 4.2 கிலோவுக்கு 150 கிராம் போகலாம். மீதி 150 கிராம் எங்கே? மல்லிகை விலை தினம் ஏறும் இறங்கும். அந்த மாதம் சராசரியாகக் கிலோ 400 என்று அவள் நோட்டு சொல்கிறது. ஒரு நாளைக்கு 60 ரூபாய், மாதத்துக்கு 1,800. கமிஷன் தனியாகப் பிடிப்பது வேறு.

அப்பத்தாவிடம் போய், கடையை மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். அப்பத்தா சொன்ன பதிலை அப்படியே எழுதியிருந்தாள். "அவருகிட்ட முப்பதாயிரம் முன்பணம் வாங்கிருக்கேன் தாயி. வட்டி கூடக் கேக்கல அவரு. அத விட்டுட்டு வேற கடைக்கு எப்படிப் போறது?" மல்லிகைக்குக் கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டால் பூ குறைந்துவிடும், மாசி பங்குனியில்தான் மறுபடி கைக்கு வரும். அந்த மாதங்களுக்கு உரம், மருந்து, வீட்டுச் செலவு எல்லாம் கமிஷன் கடை முன்பணத்தில்தான் ஓடும். வாங்கியவர்கள் அந்தக் கடைக்குத்தான் பூப் போட வேண்டும்.

அங்கேதான் என் மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். 30,000-க்கு மாதம் 1,800. நூற்றுக்கு ஆறு வட்டி! வட்டியே இல்லாத பணம் என்று அப்பத்தா கும்பிடுகிற பணத்துக்கு, தராசு வழியாக ஆறு வட்டி போய்க்கொண்டிருக்கிறது. பொருளாதாரம் படிக்கப் போகிற பிள்ளையிடம் இதைவிட வேறென்ன காட்ட வேண்டும்? அவள் பேராசிரியர் பேச்சைக் கேட்டோ புத்தகத்தைப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்கவில்லை. சீட்டையும் தராசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இதை அழித்துவிட்டு என் கண்ணீரை ஒட்டுகிறார்கள் என்றால் இவர்களுக்குக் கட்டுரை என்றால் என்னவென்றே தெரியாது, பிள்ளைகளைக் கண்ணெடுத்துப் பார்த்ததும் கிடையாது.

முதல் முறை எழுதி முடித்தபோது 900 சொல்லுக்கு மேல் வந்தது. எதை வெட்டுவது என்று மறுபடி உட்கார்ந்தோம். இங்கே நேரம் நம்மூரைவிட ஒன்றரை மணி பின்னால், நான் ரூமுக்கு வந்து குளித்துச் சாப்பிடுவதற்குள் அவளுக்குத் தூக்கம் சொக்கும். இருந்தாலும் விடவில்லை. மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தோடு தொடங்கிய பாராவை அவளே எடுத்தாள், அது எந்த மதுரைப் பிள்ளையும் எழுதக்கூடியது. மல்லிகையின் பெருமை போனது. நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்பது ஒரே ஒரு இடத்தில் நின்றது: 'அப்பா அபுதாபியில் இருப்பதால் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது.' அந்த வரி எனக்குப் போதும். அகராதியில் தேடிப்பிடித்த பெரிய பெரிய ஆங்கிலச் சொற்கள் நாலைந்து இருந்தன. சத்தமாக வாசித்து வாய்ஸ் மெசேஜில் அனுப்பச் சொன்னேன். வாசிக்கும்போது அவள் நாக்கு தடுக்கிய இடத்தில் எல்லாம் அவளே மாற்றிக்கொண்டாள். கடைசியில் 638 சொல்.

முடிவில்தான் கன்சல்டன்சிக்காரர் குறுக்கே விழுந்தார். அவள் முடித்திருந்தது இப்படி: கணக்கை அப்பத்தாவிடம் காட்டினாள். அப்பத்தா பார்த்துவிட்டு, 'சரி, வேற யாரு எனக்கு நாளைக்கே முப்பதாயிரம் தருவா?' என்று கேட்டது. 'என்னிடம் பதில் இல்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.' அவ்வளவுதான். 'தோற்றுப்போன மாதிரி இருக்கிறது, ஜெயித்ததாகக் காட்டு, விவசாயிகளுக்குச் சங்கம் ஆரம்பித்தேன் என்று போடு' என்றாராம். ஆரம்பிக்காத சங்கத்தை! பதில் தெரியாத பிள்ளைதானே படிக்கப் போகிறது? நியாயமான கேள்வியோடு வாசலில் நிற்கிற பிள்ளைக்குப் பொய்ச் சங்கத்துத் தலைவி வேஷம் எதற்கு?

நாங்கள் மறுத்த மறுநாள் ராத்திரி, அந்த ஆள் கேட்காமலே டாக்குமென்டுக்குள் போய்ச் சங்கத்தைச் சேர்த்துவைத்திருந்தார். பாப்பா பழைய வடிவத்தை மீட்டுவிட்டு, அவருக்கு இருந்த எடிட் அனுமதியை எடுத்துவிட்டாள். பல கல்லூரிகளுக்கு ஜனவரி 1 கடைசி நாள். அதற்கு முன்னாலேயே அனுப்பியாகிவிட்டது. இடம் கிடைக்குமா என்பது இனி அவர்கள் கையில்.

இப்போது மீதி இருபதாயிரத்தைக் கேட்டு அப்பத்தாவுக்கே போன் போடுகிறார்கள். தர முடியாது. நீங்கள் எழுதியதில் ஒரு வரி கூட அந்தக் கட்டுரையில் இல்லை. வாங்கிய இருபதாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள். அது அப்பத்தா பூ விற்ற காசு.