பச்சை விளக்குகளின் எண்ணிக்கை துல்லியம் ஆகாது

ஓடும்போது நாடித்துடிப்பை அளக்கக் குறைந்த விலையில் கருவி தேடுவோரிடம் இப்படிச் சொல்வதுண்டு: “பச்சை விளக்கு அதிகமுள்ள கைப்பட்டை மார்புப்பட்டைக்கு இணையான துல்லியம் தரும்.”

ஓய்வில் இது ஓரளவு சரிதான், ஓட்டத்தில் சரியல்ல. மணிக்கட்டில் ஒளி அளப்பது தோலடி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தையே என்பதால், கைவீச்சு அதைக் குலைக்கும்போது கருவி காலடி வேகத்தையே நாடித்துடிப்பாக எடுத்துக்கொள்வதுண்டு. இயல்பாகப் பேசியபடி ஓடும் ஒருவருக்கு 170 என்று காட்டி, அவருடைய காலடிகளும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 ஆக இருந்தால் ஐயப்பட வேண்டும். உடனே நின்று கழுத்து நாடியை 15 விநாடி எண்ணி, 34 துடிப்பு வந்தால், உண்மை 136தான். மார்புப்பட்டை இதயத்தின் மின்குறிப்பைப் பிடிப்பதால் இந்தக் குழப்பம் அதில் இல்லை, ஆனால் ஈரப்படுத்தாமல் அணிந்தால் முதல் சில நிமிடங்கள் அதுவும் பிதற்றும்.

கருவி வாங்கும்போது சிலர் வலியுறுத்தும் இரத்த ஆக்சிஜன் அளவீட்டைவிட, புளூடூத் வழியே பிற செயலிகளுக்கும் துடிப்பை அனுப்புமா, மின்கலத்தை நாமே மாற்றலாமா என்பவையே சிறிய பணத்தில் முக்கியம். தூக்கத்தையும் கவனிக்க விரும்புவோருக்கு மட்டும் கைப்பட்டை வசதி.