ஒகேனக்கல் பாறைய மெழுகாக்குனது நான் இல்லீங்க

ரெண்டு நாளா பாத்துட்டு சும்மாதான் இருந்தேன். அந்த கல்யாண மண்டபத்து பேக்ட்ராப் போட்டோவ ஆளாளுக்கு ஷேர் பண்ணி "ஏஐ டிசைனர் லட்சணம் பாருங்க", "ஒகேனக்கல்லா இல்ல பிளாஸ்டிக் தொட்டியா"ன்னு சிரிச்சது எல்லாம் பாத்தேன். டேக் வேற பண்ணி விட்டுருக்கீங்க, ரொம்ப நன்றி. சிரிக்கிற மாதிரிதான் இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பாறை எல்லாம் உருகுன மெழுகு, தண்ணி தலைமுடி மாதிரி கோடு கோடா தொங்குது, மரத்து இலை ஒவ்வொண்ணும் பிரஷ்ல ஒரு இழுப்பு இழுத்து விட்ட மாதிரி. ஆனா நான் குடுத்த ஃபைல் அது இல்ல. அதத்தான் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமை இல்லாதவங்க அடுத்த ரீல்ஸ்க்கு போயிடுங்க.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். வரவேற்புக்கு 12 அடிக்கு 8 அடி செல்ஃபி பேக்ட்ராப். பொண்ணு மாப்ள ரெண்டு பேருமே இந்தப்பக்கம், அதனால பின்னாடி ஒகேனக்கல் அருவி, சாயங்கால வெளிச்சம், ஓரமா ஒரு கல்மண்டபம் வேணும்னாங்க. அப்படி ஒரு மண்டபம் அங்க இல்லைங்கறது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும், ஆசைப்பட்டாங்க, ஏஐல போட்டோம். வந்த படம் 1536க்கு 1024 பிக்சல். இத 12 அடிக்கு இழுத்தா என்ன ஆகும்னு கணக்கு போட்டு பாருங்க. 12 அடின்னா 144 இஞ்ச். இஞ்சுக்கு பத்து பதினோரு பிக்சல்தான் வரும். ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ரெண்டரை மில்லிமீட்டர் கட்டமா நிக்கும். அதாவது ரெண்டரை மில்லிமீட்டர விட சின்னதா அந்த படத்துல ஒண்ணுமே கிடையாது. பாறையில இருக்கற மணல் சொரசொரப்பு, ஈரம் பட்ட புள்ளி, பாசி ஒட்டுன இடம் எதுவும் கிடையாது. இல்லாதத, படத்த பெருசாக்கற எந்த அப்ஸ்கேல் சாஃப்ட்வேரும் எங்கயும் போய் எடுத்துட்டு வரப்போறதில்ல, ஊகிச்சுதான் போடும்.

அந்த ஊகம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாதான் பிளாஸ்டிக் எங்கிருந்து வருதுன்னு புரியும். நம்ம ஊர்ல பாதி பேர் வச்சிருக்கற Upscayl, அதுக்கு உள்ள ஓடற Real-ESRGAN, இதெல்லாம் கெட்டுப்போன படத்த சரி பண்ணத்தான் பழக்கப்படுத்துன மாடல். நல்ல படத்த எடுத்து மங்கலாக்கி, நாய்ஸ் போட்டு, ஜேபெக்ல நசுக்கி, அத திரும்ப சுத்தமா கொண்டுவான்னு கத்துக்குடுத்து வச்சிருக்காங்க. அதனால அதுக்கு சின்னச் சின்னதா, ஒழுங்கில்லாம சிதறிக் கிடக்கற எதப் பாத்தாலும் நாய்ஸ்தான், துடைச்சிரும். தடிமனா கோடு இருந்தா விளிம்புன்னு நெனச்சு இன்னும் கூர்மையாக்கிரும். இப்ப யோசிங்க, விளிம்பு மட்டும் கத்தி மாதிரி, நடுவுல ஒண்ணுமே இல்லாம வழவழன்னு இருந்தா அது என்ன பொருள்? பிளாஸ்டிக்தானே. ஏஐ படம் ஏற்கனவே வழவழப்பு, அதுமேல இதையும் ஓட்டுனா கேக்கவே வேணாம்.

அதனாலதான் நான் ஒருதடவ மட்டும் 4எக்ஸ் ஓட்டுவேன், அதோட நிறுத்திடுவேன். 6144க்கு 4096 வரும். 4எக்ஸ் மேல இன்னொரு 4எக்ஸ் ஓட்டறவங்க இருக்காங்க, முதல் தடவ அது ஊகிச்சு போட்ட பொய்ய ரெண்டாவது தடவ உண்மைன்னு நம்பி பெருசாக்கும், அதுல இருந்து மீளவே முடியாது. அதோட அதே ஒரிஜினல் படத்த போட்டோஷாப்ல சாதாரணமா பைக்யூபிக்ல அதே சைஸுக்கு பெருசாக்கி அடியில வைப்பேன், ஏஐ அப்ஸ்கேல் லேயர மேல வச்சு ஒப்பாசிட்டி அறுபதுக்கு இறக்கிருவேன். விளிம்போட அந்த கத்திக்கூர் அப்பவே பாதி அடங்கிரும். கொஞ்சம் சாஃப்டா தெரியும், தெரியட்டும். கண்ணு சாஃப்ட்ட மன்னிச்சிரும், பிளாஸ்டிக்க மன்னிக்காது. அப்புறம்தான் அச்சு சைஸ், 72 டிபிஐல 10368க்கு 6912, அங்க கொண்டுபோயிட்டு கடைசியா டெக்ஸ்சர் போடுவேன். கடைசி சைஸ்ல. இத நூறு தடவ வேணாலும் சொல்லுவேன், டெக்ஸ்சர் கடைசி சைஸ்லதான் போடணும், போட்ட பிறகு அந்த ஃபைல ஒருத்தரும் பெருசாக்கக் கூடாது.

டெக்ஸ்சர் எங்கிருந்து வருதுன்னு கேக்கறீங்களா? நெட்ல இருந்து இல்ல. ஒகேனக்கல் போனப்பல்லாம் வீட்டு ஆளுங்க மீன் வறுவல் கடையில உக்காந்திருக்க நான் மட்டும் பாறைய பாறையா போட்டோ எடுத்துட்டு இருப்பேன். வெயில் சாய்வா அடிக்கறப்ப எடுத்தாதான் சொரசொரப்பு நிழலோட விழும், உச்சி வெயில்ல எடுத்தா சப்பையா இருக்கும். எண்ணெய் மசாஜ் பண்ற அண்ணன் ஒருத்தர் "தம்பி என்னா அளக்க வந்தியா, இந்த எடத்துல ஏதாச்சும் கட்டப் போறாங்களா"ன்னு பயந்தே போயிட்டாரு. எங்க வீட்ல இன்னிக்கும், மத்தவங்க ஃபோன்ல புள்ள போட்டோ இருக்கும், இவரு ஃபோன்ல கல்லு இருக்கும்னு சொந்தக்காரங்க முன்னாடி சொல்லிக் காட்டுவாங்க. சொல்லட்டும். அந்த கல்லுதான் அந்த ஃபைல்ல இருந்துச்சு. கலர எடுத்துட்டு, ஹைபாஸ்ல பெரிய வெளிச்சம் நிழல நீக்கிட்டு, வெறும் சொரசொரப்ப மட்டும் சாஃப்ட் லைட்ல பாறை மேல மாஸ்க் போட்டு உக்கார வச்சேன். கிட்ட இருக்கற பாறைக்கு பெருசா, தூரத்து பாறைக்கு சின்னதா. ஒரே துண்ட நாலு இடத்துல ஒட்டுனா கண்டுபிடிச்சிருவாங்க, அதனால வேற வேற கல்லு.

அதுக்கு மேல கிரெயின். ஐம்பது சதம் சாம்பல் லேயர், ஓவர்லே, ஆட் நாய்ஸ்ல மோனோக்ரோமாட்டிக் டிக் பண்ணி பதினஞ்சு பக்கம், அப்புறம் அரை பிக்சலுக்கு கொஞ்சம் மேல காசியன் ப்ளர். ப்ளர் எதுக்குன்னா ஒத்தப் பிக்சல் புள்ளி அச்சுல நிக்காது, மையில கரைஞ்சிரும், ரெண்டு மூணு பிக்சல் சேர்ந்து ஒரு மணியா இருந்தாதான் நிக்கும். 72 டிபிஐல ஒரு பிக்சல் 0.35 மில்லிமீட்டர், நாலடி தூரத்துல கண்ணு பிரிச்சுப் பாக்கற எல்லையே கிட்டத்தட்ட அவ்ளோதான். பாறைக்கு முழுசா, தண்ணிக்கு பாதி, வானத்துக்கு லேசா. வானத்துக்கு லேசாவாவது வேணும், இல்லன்னா சாயங்கால ஆரஞ்சு பட்டை பட்டையா பிரிஞ்சு நிக்கும். ஸ்கிரீன்ல பாக்க கொஞ்சம் ஓவரா தெரியற அளவுக்கு விட்டாதான் ஃபிளெக்ஸ்ல சரியா வரும், மை பரவி கொஞ்சத்த தின்னுரும்.

இவ்ளோ பண்ணி டிஃப் ஃபைலா, பென்டிரைவ்ல, கையில குடுத்தேன். வாட்ஸாப்ல கூட அனுப்பல.

அங்க என்ன நடந்துச்சுன்னா, பிரஸ்ல ஃபைல தொறந்திருக்காங்க, 72ன்னு பாத்திருக்காங்க, ஜூம் பண்ணிருக்காங்க, "அய்யய்ய புள்ளி புள்ளியா இருக்கே, குவாலிட்டி கம்மி"ன்னு ஒரு முடிவு. எனக்கு ஒரு ஃபோன்? கிடையாது. அப்ஸ்கேல்ல போட்டு ஒரு ரெண்டுஎக்ஸ், கூடவே டீநாய்ஸ். அந்த மாடலுக்கு என் கிரெயின் நாய்ஸ், ஒகேனக்கல் பாறை சொரசொரப்பும் நாய்ஸ். சுத்தமா வழிச்சு எடுத்துருச்சு. நான் போய் அவங்க சிஸ்டத்துல பாத்தேன், ஃபைல் பேருக்குப் பின்னாடி `_enhanced`னு ஒரு வாலு, சைஸு 20736க்கு 13824. என் ஃபைல பக்கத்துல தொறந்து அதே பாறைய நூறு சதத்துல காட்டுனேன். "ரெண்டும் ஒண்ணுதான்ணா, இது ஷார்ப்பா இருக்கு"ங்கறாங்க. நான் என்னங்க சொல்ல.

இப்ப வருவாங்க பாருங்க ஒவ்வொருத்தரா. "மெஷினே 1440 டிபிஐ, உன் ஃபைல் 72, அப்ப குறைதானே". அண்ணா, 1440ங்கறது மெஷின் எவ்ளோ நெருக்கமா மைய சொட்டுதுங்கற கணக்கு. ஒரு நிறத்த காட்டவே பல சொட்டு சேரணும். அதுவும் படத்தோட டிபிஐயும் ஒண்ணு இல்ல. பத்து வருசமா மெஷின் ஓட்டறவங்களுக்கு நான் இத சொல்ல வேண்டி இருக்கு.

"ஃபிளெக்ஸ எவன் கிட்ட போய் பாக்கறான்"னு இன்னொரு கோஷ்டி. ரோட்டோரம் இருபதடி உயரத்துல கட்டற பேனருக்கு அது சரி, ஒத்துக்கறேன், அதுக்கு நானே இந்த வேலையெல்லாம் பாக்க மாட்டேன். இது செல்ஃபி பேக்ட்ராப். நின்னு போட்டோ எடுக்கறவங்களுக்கு பின்னாடி மூணடில பாறை, அதுலயும் மண்டபத்து ஃபோகஸ் லைட்டு நேரா அடிக்குது, பளபள ஃபிளெக்ஸ் வேற. பக்கத்துல நிக்கறது உண்மையான மனுச தோலு, உண்மையான பட்டுச்சேலை நெசவு. அதுங்களுக்கு பக்கத்துல பொய் வழவழப்பு இன்னும் கேவலமாத்தான் தெரியும்.

"அப்ப எதுக்கு ஏஐ, நேரா போய் ஒரு போட்டோ எடுத்து போடறதுதானே"ன்னு கேட்டவருக்கு: நியாயமான கேள்விதான். நல்ல போட்டோ இருந்தா இந்த வேலையே இல்ல. ஆனா விசேசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து அருவியும் வேணும் மண்டபமும் வேணும் கூட்டமும் இருக்கக் கூடாதுன்னா, ஞாயித்துக்கிழம ஒகேனக்கல்ல கூட்டம் இல்லாத ஃப்ரேம் நீங்க எடுத்துக் குடுங்க, நான் வாங்கிக்கறேன். அப்புறம், "பட்டன் அமுக்கறதுக்கு இவ்ளோ காசா"ன்னு எழுதுனவரே, உங்களுக்கு பதில் சொல்ற மனநிலைல நான் இல்ல. பட்டன் அமுக்குனது யாருன்னு மேலயே எழுதியிருக்கேன்.

எனக்கு வருத்தம் அந்த பிரஸ் மேல கூட பெருசா இல்லீங்க, அவசரம், நாலு வேலை நிக்குது, நல்லதுன்னு நெனச்சு செஞ்சிருக்காங்க. வருத்தம் என்னன்னா, ஷேர் பண்ணதுல பாதி பேரு தர்மபுரிலயே இதே தொழில்ல இருக்கறவங்க. உங்க ஃபைல் எத்தன தடவ வேற மாதிரி அச்சாகி வந்திருக்கு, உங்களுக்குத் தெரியாதா? கேக்கறதுக்கு ஒரு ஃபோன் போதாதா? கல்யாண வீட்டுக்காரர் கூப்பிட்டு "பரவால்ல தம்பி"ன்னாரு, அந்த பரவால்லதான் ராத்திரி தூங்க விடல. அந்த பொண்ணோட ஆல்பம் பூரா அந்த மெழுகுதான் இனிமே, அத மாத்த முடியாது.

இனிமே மூணு விசயம், வேலை குடுக்கறவங்க பிரஸ்காரங்க ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன். ஃபைல் பேரு `12x8ft_72dpi_DO_NOT_ENHANCE.tif`னுதான் வரும். அச்சுக்கு போறதுக்கு முன்னாடி அதே ஃபைல்ல பாறையும் வானமும் சேர்ற இடத்துல ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, அதே ஃபிளெக்ஸ்ல, அதே சைஸ்ல டெஸ்ட் பிரிண்ட் எடுத்து நாலடி தள்ளி நின்னு நான் பாப்பேன், அதோட காசு பில்லுல தனியா இருக்கும். பளபள ஃபிளெக்ஸ்தான் வேணும்னா முன்னாடியே சொல்லிருங்க, செல்ஃபி பேக்ட்ராப்னா நான் மேட்தான் சொல்லுவேன். ஒத்துக்கறவங்க வாங்க. இல்லன்னா பட்டன் அமுக்கறவங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் நெறைய பேரு இருக்காங்க.