ஸ்மாக்கிங் கவுனின் உள்பக்கத்தைப் பாருங்கள்

மார்புப் பகுதியில் சுருக்கம் இருந்தாலே போதும், அந்தக் குழந்தைக் கவுனை ஸ்மாக்கிங் கவுன் என்று சொல்லி விற்கிறார்கள். அவற்றில் பல எலாஸ்டிக் நூலை இயந்திரத்தில் வரிவரியாக ஓட்டிச் சுருக்கியவை. கவுனை உள்பக்கமாகத் திருப்பினால் இது தெரிந்துவிடும். எலாஸ்டிக் சுருக்கத்தில் மடிப்புகள் தாறுமாறாக இருக்கும். இழுத்தால் ரப்பர் இழை நீளும். துணியை மடித்து, மடிப்புகளை எம்பிராய்டரி நூலால் பிணைக்கும் உண்மையான ஸ்மாக்கிங்கில், குழல் போன்ற ஒரே ஆழமுள்ள மெல்லிய மடிப்புகள் மேலிருந்து கீழாக நேராக நிற்கும். அங்கே ரப்பர் எதுவும் இருக்காது.

அப்படியிருந்தும் அது நெகிழ்ந்து கொடுப்பதற்குக் காரணம், தையல் போடும் முறைதான். ஒரு வயதுக் குழந்தைக்கு முன்பக்கம் 24 செ.மீ. அகலம் வேண்டுமென்றால், ஏறத்தாழ 72 செ.மீ. துணி எடுக்க வேண்டும். மெல்லிய பருத்தி லான் அல்லது கேம்பிரிக் இதற்கு ஏற்றது. தடித்த துணியில் மடிப்புகள் நெருங்கி அமர்வதில்லை. சம இடைவெளியில் புள்ளிகள் குறித்து, வரிசைக்கு ஒரு நூலாக ஓட்டி இழுத்தால் குழல்கள் உருவாகும். அவற்றின் மேல்முனையை மட்டும் அள்ளி, எம்பிராய்டரி நூலால் ஒன்றோடொன்று பிணைத்த பிறகு, முதலில் ஓட்டிய நூல்களை உருவிவிட வேண்டும். அப்போது துணி சற்று விரியும் என்பதால், தேவையான அகலத்தைவிடக் கொஞ்சம் குறுக்கியே இழுத்துக் கட்டுவது நல்லது. ஊசி ஆழமாக இறங்கினாலோ நூலை இறுக்கினாலோ நெகிழ்வு போய்விடும். அந்தக் கவுனைப் பார்க்கத்தான் முடியும், குழந்தைக்குப் போட முடியாது.

என்னைக் கேட்டால், கைக்குழந்தைக்குப் பிஷப் வெட்டுதான் சிறந்தது. இதில் தோளையும் மார்பையும் மூடும் யோக் என்ற தனித் துண்டு கிடையாது. முன்பக்கம், பின்பக்கங்கள், கழுத்துவரை நீளும் ராக்லன் கைகள் ஆகியவற்றை முதலில் இணைத்து, கழுத்தைச் சுற்றி முழுவதையும் ஒரே வீச்சில் சுருக்குவார்கள். கழுத்தருகே முதல் வரிசையில் இறுக்கமான கேபிள் தையலும், கீழே போகப் போக இளகிய அலைத் தையலும் வருவதால், துணி தோளிலிருந்து விரிந்து இறங்குகிறது. தோளில் தையல் மூட்டு உறுத்துவதுமில்லை.

பட்டன் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். பிஷப் கவுன் பின்பக்கம் திறப்பது. குழந்தையோ பெரும்பாலும் மல்லாந்து படுத்திருப்பது. ஆகையால் தட்டையான சிறு பட்டன்கள் இரண்டோ மூன்றோ போதும். காலுள்ள முத்துப் பட்டன்கள் முதுகில் அழுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து ஞானஸ்நான கவுன்களில், அயர்ஷயர் வெள்ளை எம்பிராய்டரி செய்தவற்றில், கழுத்தையும் இடுப்பையும் நாடாவால் சுருக்கிப் பின்னால் கட்டினார்கள். ஒரே கவுன் அடுத்தடுத்த குழந்தைகளுக்குப் பொருந்த அந்த நாடா உதவியது. ஆனால் கழுத்து நாடா குரல்வளையை இறுக்கக்கூடும் என்பதால், இன்றைய ஐரோப்பியப் பாதுகாப்புத் தரவிதி சிறு குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் நாடாவை அனுமதிப்பதில்லை. பழைய மாதிரியைப் பார்த்துத் தைப்பவர்கள் கழுத்து நாடாவை விட்டுவிட்டு, அந்த இடத்தில் காஜாவும் பட்டனும் வைக்கட்டும்.