கறுப்பாக்கச் சொன்னா க்யூஆரையுமா திருப்பிப் போடும்?

ராத்திரி பத்தே முக்கால். ஒரு மணி நேரம் தோளில் போட்டுத் தட்டி, பாப்பா அப்பத்தான் கண்ணை மூடினா. போன் அதிர்ந்தது, பள்ளிக்கூட ஆப். நாளைக்கு என்ன கலர் டிரெஸ்ஸோன்னு தொட்டேன், அறைக்குள்ள ட்யூப்லைட்டைப் போட்ட மாதிரி வெளிச்சம். "என்னங்க, அந்த போனைக் கவுத்து வைங்க!" ராத்திரிக்கு ராத்திரி இதே கூத்து.

ஆண்ட்ராய்டு 10-ல், 2019-லயே, போன் முழுக்க டார்க் தீம் வந்தாச்சு. பக்கத்துத் தெரு மருந்துக்கடை ஆப்புக்குக்கூட இருக்கு. ஃபீஸ் கட்டுற ஒவ்வொரு பெற்றோரும் கட்டாயம் வெச்சிருக்க வேண்டிய இந்த ஆப்புக்கு மட்டும் இல்ல. சரி, நாமளே கறுப்பாக்குவோம்னு இறங்கினேன். அதுக்குப் பிறகுதான் தலைவலியே ஆரம்பம்.

வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். போன் விவரத்துக்குள்ள போய் Build number-ஐ ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் Override force-dark-னு ஒரு சுவிட்ச். அதைப் போட்டு, ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணித் திறந்தா கறுப்பு. போன் ஏற்கெனவே டார்க் தீம்ல இருக்கணும், இல்லன்னா அந்த சுவிட்சைப் போட்டும் பிரயோஜனமில்ல. சில கம்பெனி போன்ல ஆப் ஆப்பா தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்கலாம். என் போன்ல அந்த வசதி கிடையாது, போட்டா மொத்த ஊருக்கும்தான்.

முதல் ராத்திரி சொர்க்கம். மறுநாள் அறிவிப்புப் பலகையைத் திறந்தா வெறும் மஞ்சள் அட்டை, எழுத்தையே காணோம். போனைச் சாய்ச்சு, கண்ணை இடுக்கிப் பார்த்தா மஞ்சள் மேல வெள்ளை எழுத்து பேய் மாதிரி தெரியுது. ஆப் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சுத் திரும்பப் போட்டேன். அதே கதை.

நோண்டிப் பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. இந்த சுவிட்சுக்கு ஆப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது. திரையில வரையுற நேரத்தில ஒவ்வொண்ணையும் பார்த்து, இது எழுத்து, இது பின்னணின்னு ஊகிக்குது. எழுத்துன்னா வெளுப்பாக்கும், பின்னணின்னா கறுப்பாக்கும். கணக்கு ரொம்ப எளிசு: நிறத்தோட வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளந்து, 110-லிருந்து கழிக்குது, நூறைத் தாண்டினா நூறோட நிறுத்திக்குது. வெள்ளைப் பின்னணி 100, அது 10 ஆகி கரிக்கறுப்பாகும். கறுப்பு எழுத்து 0, அது 100 ஆகி வெள்ளையாகும். இதுவரைக்கும் நியாயம்தான்.

ஆனா எங்க ஆப்ல அந்த மஞ்சள் அட்டை நிறமில்ல, படம். ஓரத்தில பூ, பென்சில் எல்லாம் வரைஞ்ச ஒரு படத்தைப் போட்டு, அதுக்கு மேல கறுப்பு எழுத்தை வெச்சிருக்கான் புண்ணியவான். பல வண்ணம் கலந்த படத்தைப் போன் தொடாம விட்டுடும், போட்டோவில முகம் பேய் முகமாகக் கூடாதே. எழுத்தை மட்டும் வெள்ளையாக்கிடும். கறுப்பும் பளிச் மஞ்சளும் சேர்ந்தா கான்ட்ராஸ்ட் கிட்டத்தட்ட 19.5-க்கு 1. அதே மஞ்சள் மேல வெள்ளை வெச்சா 1.07-க்கு 1. சாதாரண எழுத்தைப் படிக்க 4.5-ஆவது வேணும்னு இணைய அணுகல் விதி சொல்லுது. அப்புறம் எங்க படிக்கிறது?

இதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன், எழுத்தை அழுத்திப் பிடிச்சு காப்பி பண்ணி நோட்ஸ்ல ஒட்டிப் படிச்சேன். பொறுக்க முடியாதது ஆண்டு விழா அன்னிக்கு நடந்தது.

விழா முடிஞ்சு பிள்ளையைக் கூட்டிட்டுப் போக ஆப்ல ஒரு க்யூஆர் காட்டணும். கேட்ல வரிசை, பின்னால நாற்பது பேர். வாட்ச்மேன் அண்ணன் கருவியை வெச்சாரு, பீப் வரல. வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னாரு, கூட்டினேன், வரல. "சார், உங்க க்யூஆர் மட்டும் ஏன் சார் நெகட்டிவ் மாதிரி இருக்கு?" பார்த்தா கறுப்பில வெள்ளைக் கட்டம். வண்ணப் படத்தைத் தொடாத அதே மகராசன் இதைத் தொட்டிருக்கான்! ஏன்னா நிறமே இல்லாத, ஒரே சாயல்ல இருக்கிற படமா, வெளுப்பும் அதிகமான்னு அங்கங்க சில புள்ளிகளை எடுத்துப் பார்க்குது. ஆமான்னா, அதையும் ஏதோ பின்னணின்னு ஊகிச்சுட்டா வெளிச்சத்தைத் திருப்பிப் போட்டுடுது. க்யூஆர் அச்சு அசலா அப்படித்தானே இருக்கும்? திருப்பின க்யூஆரைப் படிக்கிற ஸ்கேனரும் உண்டு. அந்த கேட்ல இருந்தது அந்த ஜாதியில்ல.

பின்னால இருந்த ஒரு அம்மா உச்சுக்கொட்ட ஆரம்பிச்சாச்சு. டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் தேடி உள்ளே போக நேரமில்ல. சட்டுனு தோணிச்சு: மேலிருந்து இழுக்கிற பட்டியில கண் வசதிக்கான Color inversion இருக்கே! அது எதையும் ஊகிக்காது, திரையை அப்படியே நெகட்டிவ் ஆக்கும். நெகட்டிவோட நெகட்டிவ் பாசிட்டிவ்தானே? தட்டினேன், கறுப்புக் கட்டம் வெள்ளையில வந்துச்சு, பீப்.

இந்த ரெண்டையும் குழப்பிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பாருங்க. ஃபோர்ஸ் டார்க் வரையுறப்பவே நிறத்தை மாத்துறதால ஸ்க்ரீன்ஷாட்லயும் கெட்டுப்போய்த்தான் வரும். இன்வெர்ஷன் கடைசியில திரைக்கு மட்டும் போடுற சாயம், ஸ்க்ரீன்ஷாட்ல வராது. (ஐபோன் வெச்சிருக்கிற மச்சான், "எங்களுக்கு ஸ்மார்ட் இன்வெர்ட் இருக்கு மாப்ள, படத்தைத் தொடாது"ன்னு அளந்தாரு. அதுவும் ஆப் எழுதினவன் 'இது படம், தொடாதே'ன்னு குறிச்சு வெச்சாத்தான்.)

எனக்குக் கோபம் போன் மேல இல்ல. ஊகம்னா தப்பாத்தான் சில சமயம் போகும். ஆப் எழுதினவங்க அந்த க்யூஆர் படத்துக்குப் பக்கத்தில இந்த ஒரு வரியைப் போட்டிருந்தா போதும்:

```
android:forceDarkAllowed="false"
```

நான் போட்ட சுவிட்ச் இதை மீறாது. ஆப் வேண்டாம்னு வெளிப்படையா சொல்லிட்டா போன் கேட்டுக்கும், ஒண்ணுமே சொல்லாத ஆப்பைத்தான் அது வலுக்கட்டாயமா கறுப்பாக்குது. முறையா டார்க் தீம் பண்ணி, மஞ்சள் அட்டைக்கு ராத்திரிக்குன்னு வேற படம் வெச்சா இன்னும் நல்லது. இதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டோட ஆப்போட உதவி மையத்துக்கு எழுதினேன். மூணு நாள் கழிச்சு பதில் வந்தது: "உங்கள் போன் செட்டிங்கை மாற்றியுள்ளீர்கள். பழைய நிலைக்கு மாற்றவும்." அடேய்! செட்டிங்கை மாத்த வெச்சதே நீங்கதானடா!

நேத்து ஃபீஸ் கட்டக் கடைசி நாள். ராத்திரி படுத்துக்கிட்டே பேங்க் ஆப்பைத் திறந்தா, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆன்ல இருக்கு, அணைச்சாத்தான் உள்ளே விடுவேன்கிறது. அணைச்சேன். அதோட சேர்ந்து ஃபோர்ஸ் டார்க்கும் போயிடும்னு அந்த நேரத்தில தோணல. பணத்தைக் கட்டிட்டு, ரசீது வந்துச்சான்னு பள்ளிக்கூட ஆப்பைத் தொட்டேன்.

பாப்பா எழுந்து உட்கார்ந்து, "அப்பா, விடிஞ்சிருச்சா?"ங்கிறா.