கிண்டியின் பெயரா, மின் பொறியியலா?

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்து மண்டபத்தில், பொறியியல் கலந்தாய்வுக்கான வழிகாட்டிக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் பார்த்தீர்கள். இல்லாதவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். ஒரு மாணவி தன் கைப்பட எழுதிக் கொண்டுவந்த விருப்பப் பட்டியலை மேடையிலிருந்த பெரியவர் வாங்கி, சிவப்பு மையால் அடித்து, "கிண்டி கிடைக்கிற மார்க்கை வைத்துக்கொண்டு ஊர் காலேஜை மேலே போட்டிருக்கிறாள் பாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார், மண்டபமும் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் செய்த திருத்தம் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது தவறான திருத்தம், அதைச் சரி என்று நம்பி வீட்டுக்குப் போன பெற்றோர் பலர் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு மின் பொறியியல், அதாவது ட்ரிபிள் ஈ, படிக்க வேண்டும். அவள் பட்டியலில் முதலில் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியின் ட்ரிபிள் ஈ இருந்தது. அதன் கீழே பெயர்பெற்ற வேறு சில கல்லூரிகளின் ட்ரிபிள் ஈ, அதற்கும் கீழே நம் பக்கத்துக் கல்லூரிகள் இரண்டின் ட்ரிபிள் ஈ, எல்லாவற்றுக்கும் கடைசியில் கிண்டியின் அச்சு மற்றும் பொதியல் தொழில்நுட்பம். பெரியவர் அந்தக் கடைசி வரியைத் தூக்கி இரண்டாவது வரியாக வைத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். "கீழே உள்ளவை அப்படியே இருக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது" என்று ஆறுதலும் சொன்னார்.

எல்லாம் குறைந்துவிடும். தமிழ்நாட்டு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் கணினி எப்படி இடம் ஒதுக்குகிறது என்பது ரகசியமல்ல. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டுத் தரவரிசை வருகிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியிடம் இருக்கும் முதல் வரியில் கணினி நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அது படிப்பதே இல்லை. கிண்டி ட்ரிபிள் ஈ அவள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்காது என்று பெரியவரே சொன்னார். அப்படியானால் இரண்டாவது வரியில் இருக்கும் அச்சுத் தொழில்நுட்பம் கிடைத்த மறுநொடியே அவளுடைய மற்ற எல்லா ட்ரிபிள் ஈ வரிகளும் செத்த வரிகள். அவள் எந்தப் பிரிவுக்காக இவ்வளவு தூரம் யோசித்து எழுதினாளோ, அந்தப் பிரிவு அவள் பட்டியலில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

"அப்வேர்டு கொடுத்துக் காத்திருக்கலாமே" என்று காணொளியின் கீழே எழுதியவர்களுக்கும் இதே பதில்தான். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கும் வாய்ப்பு, ஒதுக்கப்பட்ட வரிக்கு மேலே உள்ள வரிகளுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவது வரி கிடைத்தவளுக்கு மேலே இருப்பது ஒரே ஒரு வரி. மொத்தமாக மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்றால், முந்தைய சுற்றில் மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியதில்தான் தேட வேண்டும். ஆகவே வரிசைதான் முடிவு. மேலே எழுதியது எதுவோ அதை நீங்கள் கீழே எழுதியதைவிட அதிகம் விரும்புகிறீர்கள் என்று கையெழுத்திட்டுக் கொடுக்கிறீர்கள். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் ஒரு நட்டமும் இல்லை, கணினி அதைத் தாண்டி வந்துவிடும். விரும்பாத பிரிவை நடுவில் போட்டால்தான் நட்டம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அச்சுத் தொழில்நுட்பம் படித்த நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்தப் பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. மையின் தன்மை, வண்ணப் பிரிப்பு, பொதிப் பொருள்கள் என்று அதற்கென்று ஓர் உலகம் இருக்கிறது. அதை விரும்பிப் போகிறவருக்குக் கிண்டியைப் போல் இடம் அமையாது. ஆனால் மண்டபத்தில் அந்தப் பிரிவைப் பற்றி ஒரு சொல்கூட யாரும் பேசவில்லையே! அதில் என்ன பாடம் இருக்கிறது என்று பெரியவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை. கிண்டி என்ற பெயர் மட்டுமே பேசப்பட்டது.

சரி, பெயருக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் அதிகம். மென்பொருள் நிறுவனங்கள் பல, எந்தப் பிரிவு என்று பார்க்காமலே எடுக்கின்றன. மென்பொருள் வேலைக்குத்தான் போகப் போகிறேன், பிரிவு எதுவானாலும் பரவாயில்லை என்பவருக்குப் பெரியவரின் ஆலோசனை ஓரளவு பொருந்தும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெண் கேட்டது மின் துறை. அங்கே கதை வேறு. வளாகத்துக்கு வரும் மின்சாதன நிறுவனத்தின் அறிவிப்பில் தகுதியான பிரிவுகள் என்று ஒரு வரி இருக்கும். கிண்டியிலேயே படித்தாலும் அந்த வரியில் உங்கள் பிரிவு இல்லையென்றால் நீங்கள் தேர்வறைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மின்வாரியத்தில் மின் பிரிவு உதவிப் பொறியாளர் வேலைக்கும், பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் மின் பிரிவுப் பயிற்சிப் பொறியாளர் வேலைக்கும் பட்டத்தின் பிரிவைத்தான் பார்க்கிறார்கள். கேட் தேர்வை எந்தப் பிரிவினரும் எழுதலாம், ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கும்போது பட்டம் என்ன என்ற கேள்வி வந்து நிற்கும்.

என் பெரியம்மா மகனை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஆகையால் அவனிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். பெயர்பெற்ற கல்லூரி, பிடிக்காத பிரிவு. இன்று டெக்னோபார்க்கில் நல்ல சம்பளம், திருவனந்தபுரத்தில் சொந்த வீடு. "பார், அவன் நன்றாகத்தானே இருக்கிறான்" என்பார்கள். மூன்றாம் செமஸ்டரில் பிரிவுப் பாடங்கள் தொடங்கியதும் அவனுக்கு அரியர் விழத் தொடங்கியதை யாரும் சொல்வதில்லை. அரியர் நிலுவை இருக்கக் கூடாது என்பது வளாகத்துக்கு வந்த நிறுவனங்களின் நிபந்தனை. எந்தப் பெயருக்காக அந்தக் கல்லூரியில் சேர்ந்தானோ, அந்தப் பெயர் வரவழைத்த நிறுவனங்களின் முன்னே அவனால் உட்காரவே முடியவில்லை. படிப்பை முடித்து ஊருக்கு வந்து, நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டு, யாருமே கல்லூரிப் பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு சின்ன நிறுவனத்தில் நுழைந்தவன் அவன். அவன் உழைப்பைக் கல்லூரியின் கணக்கில் எழுதாதீர்கள்.

நான் படித்தது நேர்மாறு. களியக்காவிளையிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில், நீங்கள் யாரும் மேடையில் பெயர் சொல்லிப் பெருமைப்படாத ஒரு கல்லூரி. பிரிவு மட்டும் நான் கேட்டது. சேர்ந்த வாரத்தில் என் மாமா ஒருவர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என்னிடம், "மக்களே, ஆராவது கேட்டா காலேஜ் பேரச் சொல்லாண்டாம் கேட்டியா" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். பெரிய மின்னோட்டத்தை அளக்க உதவும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை, அதாவது அளவி இணையும் சுற்றை, ஷார்ட் செய்யாமல் அம்மீட்டரின் இணைப்பில் கைவைத்தவனை அன்று முழுவதும் வெளியே நிறுத்திவிடுவார். பிரைமரியில் மின்னோட்டம் இருக்கும்போது செகண்டரி திறந்துவிட்டால் அதன் முனைகளில் எவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் ஏறும், காப்பு எப்படி உடையும், தொட்டவன் கதி என்ன என்று அவர் சொல்லிக்கொடுத்தது பாடப் புத்தகத்தின் நடையில் அல்ல. எனக்கு வேலை தந்த நேர்காணலில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். சான்றிதழைப் புரட்டிய அதிகாரி கல்லூரியின் பெயரைப் படித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

"ஒருவருடைய அனுபவம் விதியாகுமா?" ஆகாது. உங்கள் டெக்னோபார்க் எடுத்துக்காட்டும் ஒருவருடைய அனுபவம்தான்.

"பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எப்படித் தெரியும்?" இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தெரியாத பிள்ளைகள் பலர். அவர்களுக்கு நல்ல கல்லூரியே பாதுகாப்பு என்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் இவளிடம் ஏன் மின் பொறியியல் என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் அப்பா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அவள் சித்தப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பிலிருந்து விடுமுறை நாளெல்லாம் அந்தக் கடையில் உட்கார்ந்து, எரிந்த மோட்டாரின் சுற்றுகளை எண்ணிக் குறிப்பெடுத்துக் கொடுத்தவள் அவள். கிண்டியின் பெயர் தெரிந்த அளவுக்குக்கூட மோட்டாரைத் தெரியாதவர்கள்தான் அன்று அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"முதலாண்டு முடிந்ததும் பிரிவு மாறலாம், இல்லையென்றால் மைனர் எடுக்கலாம்" என்பதும் வந்தது. பிரிவு மாற்றம் சில நிறுவனங்களில் உண்டு. காலியிடம் வேண்டும், முதலாண்டு மதிப்பெண்ணும் உச்சியில் வேண்டும். கிடைத்தால் கிடைத்தது என்பதை நம்பிச் சேரலாமா? மைனர் என்பது 18 கிரெடிட் கூடுதல் பாடங்கள். அதைப் படித்தால் ட்ரிபிள் ஈ பட்டம் ஆகிவிடாது.

பெயரில்லாத கல்லூரி என்றால் எதுவானாலும் சரி என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். 2024-ஆம் ஆண்டில் ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கும். ஆசிரியரே இல்லாத இடத்தில் பிடித்த பிரிவும் பாழ்தான். அதனால்தான் அவள் இரண்டே இரண்டு உள்ளூர்க் கல்லூரிகளை எழுதியிருந்தாள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பல செமஸ்டர்களுக்குச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். நாக் தரச்சான்று கல்லூரி முழுவதற்கும், என்பிஏ சான்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக என்ற வேறுபாடு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கு வேண்டிய பிரிவுக்குச் சான்று இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். வேலை நாளொன்றில் சித்தப்பாவுடன் போய் மெஷின்ஸ் லேபை எட்டிப் பார்த்திருக்கிறாள். மேடையில் இருந்தவர்களில் இதில் ஒன்றையாவது செய்தவர் யார்?

என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். கிண்டியில் சேர்ந்தால் ஃப்ளெக்ஸ் அடிக்கலாம். பயிற்சி மையத்தின் பெயரைப் பெரிதாகவும் பிள்ளையின் படத்தைச் சிறியதாகவும் போட்டு, களியக்காவிளை முதல் தக்கலை வரை கட்டலாம். உள்ளூர்க் கல்லூரி ட்ரிபிள் ஈக்கு யார் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள்? எல்லையோரத்து ஊர்க்காரர்களுக்கு இந்த ஏக்கம் கொஞ்சம் அதிகம்தான். அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்காரரிடமும் சென்னைக்காரரிடமும் நாம் யாரென்று காட்ட வேண்டியிருக்கிறது. காட்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் நான்கு ஆண்டுகளை எடுக்காதீர்கள்.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஏன் இவ்வளவு கோபம்" என்று உள்பெட்டியில் கேட்ட அண்ணனுக்கு: நல்ல எண்ணத்தில் சொன்னவர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். இந்தச் சுற்றுக்கான விருப்பப் பதிவு இன்னும் முடியவில்லை. நேரம் முடியும்வரை வரிசையை மாற்றலாம், முடிந்ததும் கடைசியாக இருக்கும் வரிசை தானாகவே பூட்டப்பட்டுவிடும். நேற்று இரவு அவள் அப்பாவிடம் பேசிவிட்டேன். அச்சுத் தொழில்நுட்பம் மறுபடி கடைசி வரிக்குப் போய்விட்டது.