மீனம்பாக்கத்தில் விடியுமுன் ஏறும் பலூன்

ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் சென்னை வாட்ஸப் குழுக்களில் ஒரே புலம்பல்தான். "திருத்தணியில கொட்டுது, திருவள்ளூர் வரைக்கும் வந்துடுச்சு, நமக்கு மட்டும் ஒரு சொட்டு இல்ல." அடுத்த வரியே வானிலைக்காரர்களுக்கு அர்ச்சனை. திட்டுவது அவரவர் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த மழை ஊருக்குள் வருமா, வழியிலேயே அடங்குமா என்பதற்கான பாதி விடை அன்று காலையே எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

அந்த விடையைக் கொண்டுவருவது ஒரு ரப்பர் பலூன். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒரே நேரக் கணக்குக்கு விடுகிறார்கள். நமக்கு அது காலை 5.30, மாலை 5.30. மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அரை மணி, முக்கால் மணி முன்னதாகவே கயிற்றை விட்டுவிடுவார்கள். சென்னைக்கு மீனம்பாக்கம், அடுத்து தெற்கே காரைக்கால். பலூனுக்குள் ஹைட்ரஜன் அல்லது ஹீலியம். கீழே ஒரு பாராசூட், அதற்கும் கீழே நீளமான கயிற்றில் கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. அதுதான் ரேடியோசாண்ட். வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் அதிலுள்ள உணரிகள் நொடிக்கு நொடி அளக்கும். பெட்டி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். அந்த நகர்வுதான் காற்றின் வேகமும் திசையும். எல்லாம் ரேடியோ அலையில் தரைக்கு வந்துவிடும்.

நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறும். கிளம்பும்போது ஆள் உயரம் இருக்கிற பலூன், மேலே போகப்போக வெளி அழுத்தம் குறைவதால் ஊதிக்கொண்டே போய், 30 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஒரு அறை அளவுக்குப் பெருத்து வெடிக்கும். வழியில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 80 டிகிரியைக் கடந்திருக்கும். நம் தலைக்கு மேலேதான், அதுவும் மே மாதத்திலும்தான்!

ஆகஸ்டில் இந்தப் பலூன் போகிற வழி சுவாரசியமானது. கீழே ஆறேழு கிலோமீட்டர் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அதைக் கடல் பக்கம் தள்ளும். அதற்கு மேலே போனதும் காற்று அப்படியே திரும்பி, கிழக்கிலிருந்து மேற்காக அடிக்கும். 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அது ஒரு பெரும் ஓட்டம். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். 1950களில் அதை உலகுக்கு விளக்கி எழுதியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம். கடலுக்குப் போன பலூனை அது திருப்பிக் கொண்டுவந்து ஊரைத் தாண்டி காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். வயலில் ஏதோ மர்மப் பெட்டி விழுந்தது, போலீஸ் வந்தது என்று அவ்வப்போது செய்தி வருமே, அதில் பல இதுதான். ஆபத்து எதுவும் இல்லை.

சரி, மழைக்கு வருவோம். மீனம்பாக்கத்தின் உலக எண் 43279. அமெரிக்காவின் வையோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால் அன்றைய பட்டியல் வரும். அதில் `TEMP` என்பது வெப்பநிலை. `DWPT` என்பது பனிநிலை, அதாவது அந்தக் காற்றை எத்தனை டிகிரி வரை குளிர்வித்தால் ஈரம் நீராகத் தொடங்கும் என்ற அளவு. இரண்டும் நெருங்கி இருந்தால் ஈரக் காற்று, விலகி இருந்தால் காய்ந்த காற்று. `DRCT` காற்றின் திசை, அதற்கு அடுத்தது வேகம்.

ஒரு மாதிரி நாளை வைத்துப் பார்க்கலாம். குறிப்பிட்ட தேதியின் கணக்கு அல்ல, நம் ஊருக்குப் பொருந்தும் எண்கள். அதிகாலையில் தரை 27 டிகிரிதான் இருக்கும். பிற்பகலில் 34-க்கு ஏறும், கடற்காற்று உள்ளே வந்து பனிநிலை 25-இல் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று மேலே எழுந்தால் ஈரம் நீராகும் வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். மேலே போகப்போக பனிநிலையும் கொஞ்சம் குறையும் என்பதால், 34-க்கும் 25-க்கும் உள்ள 9 டிகிரி இடைவெளியை டிகிரிக்கு 125 மீட்டர் என்று பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் கிடைக்கும். ஏறக்குறைய 1,100 மீட்டர். அங்கே அதன் வெப்பம் 23 டிகிரி. இனி ஈரம் நீராகும்போது வெளிவரும் வெப்பம் கைகொடுப்பதால் குளிர்வது மெதுவாகிவிடும். காற்றழுத்தம் 500 மில்லிபாராகக் குறையும் மட்டத்துக்கு, அதாவது 5.8 கிலோமீட்டர் உயரத்துக்கு, போய்ச் சேரும்போது அது இன்னும் 2 டிகிரியில் இருக்கும். காலைப் பலூன் அதே உயரத்தில் சுற்றுக் காற்று மைனஸ் 5 என்று சொல்லியிருக்கிறது. சுற்றியிருப்பதைவிட 7 டிகிரி சூடு! அப்படிப்பட்ட காற்று நிற்காது, மேலே பாய்ந்துகொண்டே போகும். இடிமேகம் பிறக்க இது தாராளம்.

ஆனால் அந்தக் காற்று அவ்வளவு உயரம் போக முதலில் வழி வேண்டுமே. ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் பலூன் 20 டிகிரி காட்டினால் எழுகிற காற்று அதைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும், தடையில்லை. அதே உயரத்தில் 24 காட்டினால் கதையே வேறு. எழுகிற காற்று அங்கே 21 டிகிரி அளவில்தான் இருக்கும். சுற்றுக் காற்றைவிடக் குளிர்ச்சி, அதனால் மேலே போக முடியாமல் நின்றுவிடும். சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. உள்ளே எவ்வளவு கொதித்தாலும் வானம் வெறிச்சென்றுதான் இருக்கும். மேலே அத்தனை வாய்ப்பு இருந்தும், கீழே மூன்று, நான்கு டிகிரி வித்தியாசத்தில் அன்று மழை கிடையாது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது 3 முதல் 6 கிலோமீட்டர் வரையிலான காற்று. உள்மாவட்டத்தில் பிறந்த மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருவது அதுதான். மேற்கு, வடமேற்கிலிருந்து 15, 20 நாட், அதாவது மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் திருத்தணி மேகம் இரவுக்குள் அண்ணாநகர் வந்துவிட வாய்ப்பு உண்டு. 5 நாட் என்றால் பிறந்த இடத்திலேயே பெய்து தீர்ந்துவிடும். அந்த உயரத்தில் வெப்பமும் பனிநிலையும் 15, 20 டிகிரி விலகியிருந்தால், மேகத்துக்குள் காய்ந்த காற்று புகுந்து மழையைக் குறைத்துவிடவும் கூடும். மழை குறைந்தாலும் அந்தச் சமயத்தில் தரையில் புழுதிக்காற்று பலமாக இருக்கும், அது தனிக்கதை.

"இதையெல்லாம் செயற்கைக்கோள் பார்க்காதா?" என்று கேட்பார்கள். பார்க்கும். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது கிலோமீட்டர் கணக்கில் தடித்த அடுக்குகளின் சராசரியாகத்தான் வெப்பமும் ஈரமும் தெரியும். மேகம் இருந்தால் அகச்சிவப்புக் கருவிக்கு அதற்குக் கீழே தெரியாது. நான் சொன்ன அந்த மூடி சில நூறு மீட்டர் தடிமன்தான், அது சராசரியில் கரைந்துவிடும். அதோடு, வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் செயற்கைக்கோள் அளவுகளில் உள்ள சாய்வை, அதாவது எப்போதும் ஒரே பக்கமாக விலகும் பிழையை, திருத்தித்தான் பயன்படுத்துகின்றன. அந்தத் திருத்தத்தைக் கட்டிப்போடும் முளைகளில் முக்கியமானது பலூன். காற்றுக்குள்ளேயே போய் நேராக அளப்பது அதுதானே.

பலூனும் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். மேகத்துக்குள் நனைந்த வெப்ப உணரி, மேகத்தை விட்டு வெளியே காய்ந்த காற்றுக்கு வந்ததும் ஈரம் ஆவியாகி சில நொடிகளுக்குக் குளிர்ந்து காட்டும். பட்டியலில் ஓரிடத்தில் திடீரென்று வெப்பம் சரிந்து அடுத்த வரியிலேயே மீண்டால் இதைச் சந்தேகிக்கலாம். ஈரப்பதம் கீழிருந்து மேல்வரை நூறை ஒட்டியே ஓடினால் உணரி நனைந்தோ உறைந்தோ போயிருக்கலாம். பகலில் உயரத்தில் வெயில் நேரடியாகப் பட்டு உணரி சூடாகும். அதற்குக் கணக்குப் போட்டுத் திருத்துகிறார்கள். சில நாள் பலூன் சீக்கிரமே உடைந்து பட்டியல் பாதியில் நிற்கும். சில நாள் மாலைப் பட்டியலே இருக்காது.

எனக்குப் பெரிய மனக்குறை இரண்டு. ஒன்று கடல். நமக்குக் கிழக்கே நேராகப் பார்த்தால் அடுத்த பலூன் போர்ட் பிளேரில். நடுவே 1,300 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். 2021 டிசம்பர் 30 நினைவிருக்கும். லேசான அல்லது மிதமான மழை என்று எதிர்பார்த்த நாளில் சில இடங்களில் 20 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. கடல் மேல் இருந்த மேலடுக்குச் சுழற்சி நினைத்ததைவிட முன்பாகவே கரைக்கு வந்துவிட்டது. பலூன் இல்லாததுதான் அதற்கு ஒரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வடகிழக்குப் பருவமழை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில்தான் நமக்கு அளவு குறைவு.

இரண்டாவது நேரம். 5.30, 5.30 என்பது உலகத்துக்கே பொதுவான ஏற்பாடு, சென்னைக்காக வைத்ததல்ல. நம் கோடை இடிமேகத்துக்கு விதி எழுதப்படுவது மதியம் கடற்காற்று நுழைகிற நேரத்தில். காலைப் பலூன் பார்த்த காற்று அதற்குள் மாறிவிட்டிருக்கும். மேலே நான் போட்ட கணக்கில் 34, 25 இரண்டுமே காலையில் இருந்து ஊகித்தவைதான். கடற்காற்று தாமதமாகி பனிநிலை 22-இல் நின்றால், அந்த 7 டிகிரி சாதகம் நான்கரை ஆகிவிடும். மாலைப் பலூன் ஏறும்போது செங்கல்பட்டில் ஏற்கெனவே இடி இடித்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் சூறாவளி நெருங்கும்போது நடுவில் கூடுதலாக இரண்டு வேளை பலூன் விடுவது வழக்கம். அதே அமெரிக்காவில் 2025-இல் ஆள் பற்றாக்குறையால் சில நிலையங்களில் பலூனையே நிறுத்தினார்கள், வானிலையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஒவ்வொரு பலூனும் பெட்டியும் ஒருமுறை போனால் போனதுதான், செலவு உண்டு, ஆள் வேண்டும், பக்கத்தில் விமான ஓடுபாதை வேறு. தெரியும். வருடம் முழுக்கக் கேட்கவில்லை. மே முதல் செப்டம்பர் வரை, காலைப் பட்டியலில் மூடி மெலிதாகவும் மேலே சாதகம் பெரிதாகவும் தெரிகிற நாட்களில் மட்டும், பகல் 11.30-க்கு மீனம்பாக்கத்தில் கூடுதலாக ஒரு பலூன் போதும். இரவு மழைக்கான எச்சரிக்கையை மாலை வரை காத்திருக்காமல் பிற்பகல் 2 மணிக்கே உறுதியாகச் சொல்ல அது உதவும். பள்ளிகள் விடுவதற்கும் அலுவலகக் கூட்டம் சாலைக்கு வருவதற்கும் அது முன்பே.